புளி எந்தச் சட்டியில் கொதிக்க வேண்டும்?

புதுக்குடித்தனம் வைப்பவர்கள் யாராக இருந்தாலும், பாத்திரக் கடைக்குப் போகும் முன் ஒரு தடவை என்னிடம் கேட்டுவிடுகிறார்கள்: இரும்பா, எவர்சில்வரா, நான்ஸ்டிக்கா, மண்சட்டியா, எது வாங்கலாம்? போன மாதம் என் அண்ணன் மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், அடுப்பில் என்ன ஏறப்போகிறது என்று பார்க்க வேண்டும். நம் வீட்டில் தினமும் நடக்கும் சமையல் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். புளியோ தக்காளியோ சேர்ந்து, தண்ணீரில் நிதானமாகக் கொதிப்பது ஒரு வகை. சாம்பார், ரசம், காரக்குழம்பு, மீன் குழம்பு எல்லாம் இதில் வரும். தண்ணீர் இல்லாமல் காய்ந்த சூட்டில் முறுகுவது இன்னொரு வகை. தோசை, அடை, சப்பாத்தி, உருளைக்கிழங்கு வறுவல் இதில் சேரும். முதல் வகையில் பாத்திரத்தைச் சோதிப்பது புளிப்பு. இரண்டாவது வகையில் சூடு. இந்த நாலு பாத்திரங்களில் இரண்டு சோதனையையும் முழுதாகத் தாங்கும் பாத்திரம் எதுவும் கிடையாது. அதனால் ஒரே செட்டாக வாங்கி அடுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

தோசைக்கல்லில் ஆரம்பிக்கலாம்

எந்த வீட்டுக்கும் நான் முதலில் சொல்வது ஒரு கனமான வார்ப்பிரும்புத் தோசைக்கல். இரும்பு சூட்டை வேகமாகக் கடத்தாது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் நாலில் ஒரு பங்குதான் கடத்தும். ஆனால் கனமாக இருப்பதால் வாங்கிய சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கரண்டி குளிர்ந்த மாவை ஊற்றியதும் கல்லின் சூடு சட்டென்று இறங்காமல் இருப்பதற்கும், அடிப்பக்கம் சீராகச் சிவப்பதற்கும் அதுதான் காரணம். மெல்லிய தகட்டுக் கல்லில் இது நடக்காது. நடுவில் கருகும், ஓரம் வெள்ளையாக நிற்கும். கனமான கல்லுக்கும் ஐந்தாறு நிமிடம் மிதமான தீயில் காயும் அவகாசம் கொடுக்க வேண்டும். பெரிய தீயில் அவசரமாகக் காய வைத்தால் அதிலும் நடு மட்டும்தான் சூடாகும்.

புதுக் கல்லை வாங்கி வந்ததும் நேராக மாவை ஊற்ற முடியாது. பழக்க வேண்டும். பழக்குவது என்றால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை சுலபமாகிவிடும். எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவி நன்றாகச் சூடேற்றினால், அது எண்ணெயாகவே இருப்பதில்லை. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இரும்பின் மேல் கெட்டியான ஒரு பூச்சாக உறைந்துவிடுகின்றன. அந்தக் கறுப்புப் பூச்சுதான் மாவை ஒட்டவிடாமல் தடுக்கிறது, துருவையும் தடுக்கிறது. இப்படிப் பின்னிக்கொள்ளும் குணம் நல்லெண்ணெயில் நன்றாகவே உண்டு. தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு. நம் பக்கத்தில் தோசைக்கல்லுக்கு நல்லெண்ணெய் என்று வழிவழியாகச் சொல்லி வருவது சரியான தேர்வுதான்.

என் முறை இது. கல்லை வெந்நீரும் பாத்திரத் தூளும் போட்டு, ஸ்க்ரப்பரால் தேய்த்துக் கழுவுவேன். முதலில் வரும் தண்ணீர் மை மாதிரி கறுப்பாக இருக்கும். அது நிற்கும்வரை தேய்க்க வேண்டும். அப்புறம் அரிசி கழுவிய கழுநீரிலோ வடித்த கஞ்சியிலோ ஒரு நாள் ஊற விடுவேன். லேசாகப் புளித்த கழுநீர், மேலோட்டமாக இருக்கும் துருவையும் பட்டறைத் தூளையும் இளக்கிவிடும். கழுநீரின் வேலை அத்தோடு முடிந்தது. மூன்று நாள், ஒரு வாரம் என்று ஊறப்போடுபவர்கள் உண்டு. பூச்சு கழுநீரில் உருவாகப்போவதில்லை என்பதால் அதற்கு அவசியமில்லை.

ஊறியதைக் கழுவி, துணியால் துடைத்து, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய வைக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் அரை ஸ்பூன் நல்லெண்ணெயை விட்டு, பழைய பருத்தித் துணியால் மேல்பக்கம், ஓரம், அடிப்பக்கம், கைப்பிடி என்று எல்லா இடத்திலும் தேய்க்க வேண்டும். இதற்கு அடுத்து வருவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் தடவியதே தப்பு என்று நினைத்துக்கொண்டு இன்னொரு உலர்ந்த துணியால் முழுதாகத் துடைத்தெடுக்க வேண்டும். துடைத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று மிச்சம் இருக்கும். நமக்கு அது போதும். இப்போது மிதமான தீயில் வைத்தால் கல்லிலிருந்து புகை கிளம்பும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் புகை தானாக அடங்கும். அடுப்பை அணைத்து ஆறவிட்டு, மறுபடி தடவி, துடைத்து, சூடேற்ற வேண்டும். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் சாம்பல் நிறத்தில் இருந்த கல் பழுப்பாகி, பிறகு கறுக்க ஆரம்பிக்கும்.

ஆறிய கல்லை விரலால் தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருக்க வேண்டும், பிசுபிசுக்கக் கூடாது. பிசுக்கு இருந்தால் எண்ணெய் அதிகமாகிவிட்டது என்று பொருள். அந்தப் படலம் முழுதாக உறையவில்லை. எண்ணெய் எதுவும் சேர்க்காமல் இன்னொரு தடவை சூடேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைக்கும்போது கறுப்பு வந்தால் கவலைப்பட வேண்டாம், அது கரித்தூள். செம்பழுப்பாக வந்தால் அது துரு. எங்கோ ஈரம் தங்கியிருக்கிறது.

பழக்கிய பிறகு முதல் வேலையாக நிறைய வெங்காயத்தைப் போட்டு எண்ணெயில் வதக்கித் தள்ளிவிடுங்கள். முதல் ஒரு வாரத்துக்கு ஊத்தப்பம், அடை என்று கனமாக, தாராளமாக எண்ணெய் விட்டு வார்க்கலாம். முறுகல் தோசைக்கு அவசரப்பட வேண்டாம். ஆம்லெட் போட இன்னும் நாள் இருக்கிறது.

அண்ணன் மகள் வாங்கிய கல் நன்றாகத்தான் பழகியிருந்தது. ஆனாலும் ஒரு நாள் காலை போன் செய்து, "அத்தே, மாவு கரண்டியோடவே சுருட்டிக்கிட்டு வருது" என்றாள். கல்லில் ஒட்டாமல் கரண்டியோடு வருகிறது என்றால் பூச்சில் குறையில்லை, சூடு அதிகம் என்று அர்த்தம். ஊற்றிய இடத்திலேயே மாவு வெந்துவிடுவதால் கரண்டியால் அதை இழுக்க முடிவதில்லை. தீயைக் குறைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பாதி வெங்காயத்தால் துடைத்துவிட்டு ஊற்றச் சொன்னேன். தெளிக்கும் தண்ணீர் கல்லின் சூட்டைக் கீழே கொண்டு வரும். அது ஆவியாகும் விதத்தை வைத்தே சூட்டைச் சொல்லிவிடலாம். சுர்ரென்று உடனே வற்றினால் ஊற்றலாம். முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு இன்னும் அதிகம், பொறுக்க வேண்டும்.

அடுத்த வாரம் இன்னொரு புகார். இந்தத் தடவை தோசை உண்மையாகவே ஒட்டியது. "முந்தின நாள் சப்பாத்தி போட்டியா?" என்றேன். ஆமாம் என்றாள். சப்பாத்திக்குக் கல் எண்ணெய் இல்லாமல், தோசைக்கு வேண்டியதைவிட அதிகமாகக் காய்கிறது. உதிரும் மாவு கல்லிலேயே கருகி ஒட்டிக்கொள்கிறது. பூச்சும் அந்தச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து போகிறது. சப்பாத்திக்குத் தனிக் கல் வைத்துக்கொள்வதுதான் இதற்கு வழி. மெல்லிய இரும்புக் கல் அதற்குத் தாராளமாகப் போதும், விலையும் குறைவு.

இரும்பில் புளி ஊற்றினால்

தோசை மாவும் புளித்ததுதானே, அது கல்லைக் கெடுக்காதா என்று கேட்கலாம். தோசை இரண்டு நிமிடத்தில் வெந்து வெளியே வந்துவிடுகிறது. எண்ணெயும் இடையில் இருக்கிறது. இரும்புச் சட்டியில் வத்தக்குழம்பு வைப்பது அப்படியில்லை. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி இருபது நிமிடம் சுண்ட விட்டால், புளியின் அமிலம் முதலில் பூச்சை அரித்து, பிறகு இரும்பைத் தொடும். குழம்பின் நிறம் கறுக்கும், நாக்கில் ஒரு உலோக வாடை நிற்கும். சட்டியைக் கழுவும்போது கறுப்பாக இருந்த இடத்தில் சாம்பல் நிறத் திட்டு தெரியும். வாழைப்பூ, வாழைக்காய், கத்தரிக்காய் போன்ற துவர்ப்புள்ள காய்கள் இரும்பில் கறுத்துப்போவதும் இதே குடும்பத்துச் சங்கதி. காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு நிறம் பிறக்கும்.

இப்படிக் கரையும் இரும்பு உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நூறு கிராம் தக்காளிச் சாஸில் சுமார் 0.6 மில்லிகிராமாக இருந்த இரும்பு, இரும்புச் சட்டியில் சமைத்த பிறகு ஐந்து மில்லிகிராமைத் தாண்டியது. 1999இல் எத்தியோப்பியக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், இரும்புப் பானையில் சமைத்ததைச் சாப்பிட்டவர்களிடம் ரத்தசோகை குறைந்திருந்தது. அலுமினியப் பானையில் சமைத்ததைச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டுச் சொன்னது அது. ஆக, இரும்புச் சட்டியால் பலன் உண்டு. ஆனால் நன்றாகப் பழகிய கல்லில் வார்த்த தோசையில் அவ்வளவு இரும்பு இறங்காது. புளிப்பும் நேரமும் ஈரமும் சேர்ந்தால்தான் நிறைய இறங்கும்.

அதனால் நான் நடுவழியில் போகிறேன். கீரைப் பொரியல், உருளை வறுவல், சுக்கா, வெண்டைக்காய் வதக்கல் எல்லாம் இரும்பு வாணலியில். தக்காளி சேரும் பொரியலாக இருந்தால், வெந்ததும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவேன். இரும்பில் சமைத்ததை அதிலேயே மூடி வைக்கவே கூடாது. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால், கிடைத்த இரும்பையும் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. ஒரு முக்கியமான எச்சரிக்கை: தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களுக்கும், உடம்பில் இரும்பு சேர்ந்துபோகும் கோளாறு உள்ளவர்களுக்கும் இரும்புச் சட்டிச் சமையல் கெடுதல். அந்த வீடுகளில் மருத்துவரைக் கேட்காமல் இரும்புச் சட்டியைத் தொட வேண்டாம்.

எவர்சில்வர்: கொதிக்கிற எல்லாவற்றுக்கும்

சாம்பார், ரசம், பருப்பு, பால் என்று தண்ணீரில் கொதிப்பவை எல்லாம் எவர்சில்வரில்தான் நிம்மதி. புளி அதை அவ்வளவாக அசைக்காது. இரும்போடு குரோமியம் கலந்திருப்பதால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் எப்போதும் இருக்கும். தேய்த்தாலும் காற்றுப் பட்டதும் திரும்ப உண்டாகிவிடும். பூச்சைப் பாதுகாக்கும் கவலையே இல்லை. புதுப் பாத்திரத்தில் தக்காளியை நேரம் எடுத்துக் கொதிக்க வைத்தால் கொஞ்சம் நிக்கலும் குரோமியமும் இறங்கும் என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஐந்தாறு தடவை சமைத்த பிறகு அந்த அளவு வெகுவாகக் குறைந்து நிலைத்துவிட்டது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர மற்றவர்கள் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

வாங்கும்போது 304 என்ற தரத்தைக் கேளுங்கள். 18/8 என்றும் போட்டிருப்பார்கள். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்று அர்த்தம். விலை குறைந்த பாத்திரங்கள் பெரும்பாலும் 200 வரிசை. அவற்றில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸை ஏற்றியிருப்பார்கள். உப்பிலும் புளியிலும் அவை சீக்கிரம் புள்ளி விழும். கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்க, ஒட்டல, ஒரிஜினல்" என்பார்கள். 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது. அந்தச் சோதனையால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. பாத்திரத்தின் அடியில் 304 என்று முத்திரை இருக்கிறதா, பில்லில் எழுதித் தருகிறார்களா என்று பார்ப்பதுதான் ஓரளவுக்கு நம்பகமானது.

எவர்சில்வரின் குறை, அடிப்பிடிப்பது. எஃகு சூட்டை மிக மோசமாகக் கடத்தும். தீ படுகிற வட்டம் மட்டும் கொதித்து, அங்கே பருப்பு தீயும். அதனால் வதக்கலுக்கும் கெட்டிக் குழம்புக்கும் நடுவில் அலுமினியம் வைத்த மூன்றடுக்குச் சட்டி வாங்குவது நல்லது. அடியில் மட்டும் தட்டு ஒட்டியது போதாது. பக்கச்சுவர் வரை மூன்று அடுக்கும் போக வேண்டும். விலை கூடுதல்தான். ஆனால் பேரன் பேத்தி காலம் வரைக்கும் வரும்.

வதக்கும்போது ஒட்டாமல் இருக்க ஒரு பழக்கம் வேண்டும். வெறும் சட்டியை மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம் காய வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுர்ரென்று வற்றினால் சூடு போதவில்லை. தோசைக்கல்லில் வேண்டாம் என்று சொன்ன அந்த முத்து உருளும் சூடுதான் இங்கே வேண்டும். சொட்டு உடையாமல் உருண்டு ஓடினால் அதைத் துடைத்துவிட்டு எண்ணெய் ஊற்றி, தீயைக் குறைத்து, தாளித்து, வெங்காயத்தைப் போடலாம். வெங்காயம் முதலில் பிடிப்பது போலத் தெரியும். உடனே சுரண்டாதீர்கள். கொஞ்சம் சிவந்ததும் தானே விட்டுவிடும். அடியில் ஒட்டிய பழுப்பை, தக்காளி போட்டதும் அதன் தண்ணீரே இளக்கிவிடும். குழம்பின் ருசி பாதி அதில்தான் இருக்கிறது.

உப்பை மட்டும் தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கல்லுப்பு அடியில் தங்கி, எஃகில் ஊசிமுனை போன்ற குழிகளை உண்டாக்கும். அவை போகவே போகாது. போர் தண்ணீரால் விழும் வெள்ளைப் படிவம் அப்படியில்லை. பிழிந்த எலுமிச்சை மூடியாலோ கரைத்தெடுத்த புளிச் சக்கையாலோ தேய்த்தால் போய்விடும்.

மண்சட்டி

புளி அதிகம் உள்ள குழம்புகளில் எவர்சில்வரைவிட ஒரு படி மேல் என்று நான் நினைப்பது மண்சட்டியை. முக்கியமாக மீன் குழம்புக்கு. ஐ.சி.எம்.ஆரின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், மண்பாத்திரத்தைப் பாதுகாப்பானது என்று முன்னால் வைக்கிறது. புளிப்பான பண்டங்களை அலுமினியம், இரும்பு, வெள்ளீயம் பூசாத பித்தளை, செம்பு ஆகியவற்றில் வைக்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. மண் புளிப்போடு வினை புரிவதில்லை. சூட்டை மெதுவாக வாங்கி, மெதுவாக விடுகிறது. மீன் துண்டு உடையாமல் வேகத் தேவைப்படுவதும் அந்த நிதானமான சூடுதான். குழம்பு கொதித்து மீனைப் போட்டு நாலைந்து நிமிடம் ஆனதும், மீன் இன்னும் கொஞ்சம் வேக வேண்டும் என்னும்போதே அடுப்பை அணைத்துவிடலாம். அணைத்த பிறகும் சட்டியில் தளதளவென்று கொதி நின்றிருக்கும். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். எவர்சில்வர் கணக்கில் அடுப்பை எரிய விட்டால் மீன் கரைந்துவிடும்.

வாங்கும்போது சட்டியைக் கையில் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்த, விரிசல் இல்லாத சட்டி. மொத்தென்று கேட்டால் வைத்துவிடுங்கள். பளபளவென்று மெருகு ஏற்றியதையும் சாயம் பூசியதையும் சமையலுக்கு வாங்காதீர்கள். மெருகுப் பூச்சில் ஈயம் இருந்தால் அது புளியில்தான் வேகமாகக் கரையும். ஈரமான வெள்ளைத் துணியால் உள்பக்கம் துடைத்துப் பார்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். லேசாக மண் ஒட்டினால் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும். மண் தண்ணீரைக் குடிக்கும்போது குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். மறுநாள் நிழலில் உலர்த்தி, வடித்த கஞ்சியை முக்கால் பாகம் ஊற்றி, சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்க விட்டு, அப்படியே ஆறவிட வேண்டும். கஞ்சியின் மாவுப்பசை மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்து, கடைசியில் உள்பக்கம் எண்ணெய் தடவி வைத்தால் சட்டி தயார். இதற்குப் பிறகும் அடியில் தண்ணீர் கசிந்து தீயில் சுர்ரென்றால் எங்கோ விரிசல் இருக்கிறது. அது தேறாது.

மண்சட்டி உடைவது பெரும்பாலும் கீழே விழுந்து அல்ல. சூடும் குளிர்ச்சியும் திடீரென்று சந்திக்கும்போதுதான் விரிசல் விடுகிறது. வெறும் சட்டியைப் பெரிய தீயில் வைப்பது, சூடான சட்டியை ஈரமான மேடையில் இறக்குவது, பிரிட்ஜிலிருந்து எடுத்து நேராக அடுப்பில் ஏற்றுவது, இந்த மூன்றையும் தவிர்த்தால் வருடக்கணக்கில் வரும். சோப்பு ஆகாது, துளைகளுக்குள் போய் அடுத்த குழம்பில் வாடை அடிக்கும். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். எண்ணெய்ப் பிசுக்குக்குக் கொஞ்சம் கடலை மாவு. கழுவியதும் வெயில் படும்படி கவிழ்த்துக் காய வைக்காவிட்டால், மழைக்காலத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பூக்கும். மீனுக்கு வைத்த சட்டியில் காரக்குழம்பு வைத்தால் மீன் வாசனை வரும் என்பதால் இரண்டு சட்டி வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் இது வேலை செய்யாது. வேலைக்கு ஓடும் காலை நேரத்துக்கும் இது சரிப்படாது. எங்கள் வீட்டில் விடுமுறை நாளில்தான் மண்சட்டி இறங்குகிறது.

நான்ஸ்டிக்

நான்ஸ்டிக்கைப் பற்றிப் பயமுறுத்தும் செய்திகளில் பாதி சரி, பாதி குழப்பம். அந்தப் பூச்சின் பெயர் பி.டி.எஃப்.இ. அது துணுக்காக உதிர்ந்து வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். புற்றுநோயோடு தொடர்புபடுத்திப் பேசப்படுவது பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேறொரு வேதிப்பொருள். பூச்சைத் தயாரிக்கும்போது பயன்படுத்தினார்கள். 2023இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. பெரிய உற்பத்தியாளர்கள் 2015க்குள்ளேயே அதைக் கைவிட்டிருந்தார்கள். இன்று பெட்டியில் பி.எஃப்.ஓ.ஏ. இல்லை என்று போட்டிருப்பது அந்த ஒரு பொருளைப் பற்றி மட்டுமே. பூச்சு பி.டி.எஃப்.இ.யாகவே இருக்கலாம், சூட்டுக் கட்டுப்பாடும் அப்படியே இருக்கிறது.

என் ஆட்சேபம் அந்தச் சூட்டைப் பற்றித்தான். தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்ச வரம்பு பொதுவாக 260 டிகிரி செல்சியஸ். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்னும் கவனமாக, 170 டிகிரிக்கு மேல் போக வேண்டாம் என்கிறது. நல்ல முறுகலான தோசைக்குக் கல் கிட்டத்தட்ட 180லிருந்து 200 வரை சூடாக இருக்க வேண்டும். அப்படியென்றால் நான்ஸ்டிக் தவாவில் தோசை வார்க்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கவனமான வரம்பைத் தாண்டுகிறோம். வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டு மாவு எடுக்கப் போனால், சில நிமிடங்களில் 260ஐயும் தொட்டுவிடும். அதற்கு மேல் போகப் போகப் பூச்சு சிதைந்து புகை விடும். வீட்டில் கிளியோ லவ் பேர்ட்ஸோ இருந்தால் அந்தப் புகையில் அவை செத்துப்போகும். மனிதர்களுக்குக் காய்ச்சல் போல வந்து போவது உண்டு.

ஆக, காய்ந்த சூட்டுக்கு நான்ஸ்டிக் ஆகாது. புளிக்குழம்பு அதில் வைப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அதற்கு எவர்சில்வர் இருக்கும்போது இது எதற்கு? மிச்சம் இருப்பது முட்டை, பனீர், எண்ணெய் குறைக்கச் சொன்னவர்களுக்கான மெல்லிய வதக்கல். அந்தச் சின்ன வேலைக்கு ஒரு சின்ன பான் போதும். எண்ணெய் தடவிய பிறகே அடுப்பைப் பற்ற வைத்து, தீயை நடுவுக்கு மேல் போகாமல் வைத்து, மரக்கரண்டியைப் பயன்படுத்தினால் சில வருடம் வரும். பூச்சு உரிய ஆரம்பித்தால், அல்லது முன்பு நழுவிய முட்டை இப்போது பிடித்தால், எடுத்துப் போட்டுவிட வேண்டும். பழக்கிச் சரிசெய்ய அதில் வழியில்லை. செராமிக் பூச்சு என்று விற்பது சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதன் வழுக்கல் இன்னும் சீக்கிரமே போய்விடுகிறது.

கழுவுவது யார்?

பாத்திரம் வாங்கும்போது யாரும் யோசிக்காத ஒன்று இது. இரும்புக் கல்லைக் கண்ணும் கருத்துமாகப் பழக்கி வைத்திருப்போம். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, அழுக்கு என்று நினைத்து, பச்சை சோப்பும் கம்பி நாரும் போட்டுப் பளிச்சென்று தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போவார். மறுநாள் காலை கல் செந்நிறமாக இருக்கும். அவர் மேல் தப்பில்லை, நாம் சொல்லவில்லை. இரும்பையும் மண்சட்டியையும் தொட்டியில் போடாமல் அடுப்பு மேடையிலேயே வைத்து, சமைத்தவரே கழுவுவதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. கல்லுக்கு வெந்நீர் ஊற்றி மென்மையான நாரால் துடைத்து, இரண்டு நிமிடம் அடுப்பில் காய வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தேய்த்தால் முடிந்தது. ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு எப்போதாவது பட்டால் பூச்சு போய்விடாது. கம்பி நார்தான் ஆகாது, தொட்டியில் ஊறவே கூடாது.

துருப்பிடித்த கல்லையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. அண்ணன் மகளிடம் கடைசியாக இதைத்தான் சொன்னேன், ஏனென்றால் அவள் மாமியார் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடக்கிறது. கல்லுப்பும் புளியும் சேர்த்துக் கம்பி நாரால் தேய்த்தால் துரு இளகி வந்துவிடும். பழக்கிய கல்லுக்கு வேண்டாம் என்று சொன்ன கம்பி நாரும் புளியும் இந்த ஒரு வேலைக்கு மட்டும் உதவும். சாம்பல் நிற இரும்பு தெரிந்ததும் நன்றாகக் கழுவி, தாமதிக்காமல் அடுப்பில் காய வைத்து, முதலிலிருந்து பழக்க வேண்டும். தூக்கிப் பிடித்துத் தட்டிப் பார்த்து விரிசல் சத்தம் இல்லை என்றால், அடி வளையாமல் அடுப்பில் ஆடாமல் நின்றால், அவள் புதுக் கல் வாங்க வேண்டியதே இல்லை. அந்தப் பணத்தை மூன்றடுக்குச் சட்டியில் போடலாம்.